புள்ளியோடு வந்த எலுமிச்சைக் கன்று: நர்சரிக்கு ஒரு கடிதம்

பார்சலில் செடி வாங்குகிறவர்கள் நர்சரிக்கு அனுப்பும் புகார் பெரும்பாலும் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. செடி சரியில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். கூடவே மங்கலாக ஒரு போட்டோ. வருகிற பதிலும் அதே அளவுதான். தண்ணீர் அதிகமாக ஊற்றியிருப்பீர்கள், வெயில் போதவில்லை, பார்சலில் வந்த வாட்டம், ஒரு வாரம் பொறுங்கள். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் கோபம்தான் மிஞ்சும். இலையில் இருப்பது என்ன புள்ளி, அது எங்கே, எப்போது வந்தது என்ற கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது.

தாம்பரம் பக்கத்தில் மொட்டைமாடித் தோட்டம் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எனக்குத் தெரிந்தவர். சென்ற மழைக்காலத்தில் வெளியூர் நர்சரி ஒன்றிலிருந்து அவருக்கு மூன்று எலுமிச்சைக் கன்றுகள் வந்தன. இரண்டில் இலைப்புள்ளி. அவர் எழுதிய கடிதத்தைப் படித்தபோது, இந்த மாதிரி எழுதினால் நர்சரிக்காரரால் மழுப்ப முடியாது, மழுப்ப வேண்டிய அவசியமும் இருக்காது என்று தோன்றியது. பெயர்களை எடுத்துவிட்டு, அவருடைய சம்மதத்தோடு அதை இங்கே தருகிறேன்.

“நர்சரி உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்களிடம் நவம்பர் 2ஆம் தேதி மூன்று நாட்டு எலுமிச்சைக் கன்றுகள் கேட்டிருந்தேன். 4ஆம் தேதி அனுப்பியதாகத் தங்கள் செய்தி வந்தது. 7ஆம் தேதி காலை பார்சல் கிடைத்தது. அன்றே பிரித்துப் படம் எடுத்தேன். பெட்டி நசுங்கவில்லை. வேர்மண் உருண்டை உடையவில்லை, ஈரமாகவே இருந்தது. கட்டிய விதத்தில் எந்தக் குறையும் இல்லை.

கன்றுகளுக்கு 1, 2, 3 என்று எண் கட்டியிருக்கிறேன். 3ஆம் எண் கன்று சுத்தமாக இருக்கிறது. 2ஆம் எண்ணில் கீழ்ப்பக்கத்து இலைகள் ஆறில் பழுப்புப் புள்ளிகள். 1ஆம் எண்ணில் பதினான்கு இலைகளில் புள்ளிகள் இருப்பதோடு, மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டிலும் விரல்நக அளவுக்குத் தக்கை போன்ற வெடிப்பு இருக்கிறது. எல்லாப் புள்ளிகளும் முற்றிய கரும்பச்சை இலைகளில்தான். நுனியில் உள்ள தளிரில் ஒன்றுகூட இல்லை. புள்ளிகள் இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டிலும் மேடாக, தொட்டால் சொரசொரப்பாக இருக்கின்றன. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒவ்வொன்றையும் சுற்றி மஞ்சள் வளையம் தெரிகிறது. இலையின் இரு பக்கம், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தது, தண்டு, முழுக் கன்று என்று ஒவ்வொரு கன்றுக்கும் ஐந்து படங்கள் இணைத்திருக்கிறேன்.

இது எலுமிச்சைச் சொறிநோய் என்று சந்தேகப்படுகிறேன். உறுதி செய்ய, புள்ளியுள்ள இலைகளைச் செய்தித்தாளில் மடித்து வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொடுத்திருக்கிறேன்.

தங்களிடம் நான் தெரிந்துகொள்ள விரும்புவது: இவை விதைக் கன்றுகளா, ஒட்டா, பதியனா? இதே பாத்தியில் இருந்த மற்றக் கன்றுகளிலும் இப்படி இருக்கிறதா? கடைசியாக என்ன மருந்து, எப்போது தெளித்தீர்கள்?

1ஆம் எண் கன்றை அழித்துவிட எண்ணுகிறேன். தங்கள் ஆள் வந்து பார்ப்பதாக இருந்தால் 15ஆம் தேதி வரை தனியாக வைத்திருப்பேன். 2ஆம் எண்ணை மருந்தடித்துக் காப்பாற்றிப் பார்க்கிறேன். நோயுள்ள செடியைப் பார்சலில் ஏற்றி ஊர் ஊராக அனுப்புவது சரியல்ல என்பதால் திருப்பி அனுப்பும் எண்ணம் இல்லை. 1ஆம் எண்ணுக்குப் பணமோ மாற்றுக் கன்றோ தாருங்கள். மாற்றுக் கன்று என்றால் அதே பாத்தியிலிருந்து வேண்டாம். மழைக்காலம் முடிந்த பிறகு அனுப்பினால் போதும்.

பத்து நாட்களுக்குள் பதில் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.”

இந்தக் கடிதத்தில் குற்றச்சாட்டு என்று ஒரு வாக்கியம்கூட இல்லை. ஆனால் படித்து முடிக்கும்போது நோய் நர்சரியிலேயே பிடித்தது என்பது நிரூபணமாகிவிடுகிறது. அது எப்படி என்று புரிய, சொறிநோயின் நடவடிக்கை கொஞ்சம் தெரிய வேண்டும்.

கேங்கர் என்று நர்சரிக்காரர்கள் சொல்லும் இந்தச் சொறிநோயை உண்டாக்குவது சாந்தோமோனாஸ் சிட்ரி என்ற பாக்டீரியா. எலுமிச்சைக் குடும்பத்தில் பலவற்றைத் தாக்கும் என்றாலும், நம் நாட்டு எலுமிச்சைதான் இதற்கு மிக எளிதாக மாட்டிக்கொள்ளும் வகைகளில் ஒன்று. கமலா ஆரஞ்சு வகைகள் ஓரளவு தாக்குப்பிடிக்கும். பாக்டீரியாவுக்கு இலையைத் துளைக்கும் சக்தி கிடையாது. இலையில் மூச்சுவிட இருக்கும் நுண்துளைகள் வழியாகவோ, காயத்தின் வழியாகவோதான் அது உள்ளே போக வேண்டும். துளைகள் வழியாக அது நுழைவதற்குத் தோதான காலம், இலை தளிராக இருந்து விரிந்துகொண்டிருக்கும் சில வாரங்கள் மட்டுமே. முழுதாக விரிந்து, தடித்து, கரும்பச்சையாகிவிட்ட இலையில் அந்த வழி அநேகமாக அடைபட்டுவிடும். அதன்பின் முள் கீறினாலோ, பலத்த காற்று மழை இலையைக் கிழித்தாலோ, இலைத்துளைப்பான் புழு சுரங்கம் அறுத்தாலோதான் நோய் உள்ளே போகும்.

நுழைந்த உடனே புள்ளியும் தெரியாது. வெதுவெதுப்பான பருவத்தில் ஏழு முதல் பத்து நாளில் குண்டூசி முனை அளவுக்கு எண்ணெய் பட்டதுபோல ஒரு சின்னக் கொப்புளம் எழும். குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் தாமதமாகும். அது மெல்லப் பெரிதாகி, பழுப்பாகி, தக்கைபோல் காய்ந்து, நடுவில் எரிமலை வாய் மாதிரி குழிந்து நிற்க மேலும் சில வாரங்கள் பிடிக்கும்.

இப்போது கடிதத்தின் தேதிகளைத் திரும்பப் பாருங்கள். 4ஆம் தேதி புறப்பட்ட கன்று 7ஆம் தேதி வந்து சேர்ந்தது. வழியில் தொற்றியிருந்தால் 7ஆம் தேதி கண்ணுக்கு ஒன்றுமே தெரியக் கூடாது. ஆனால் அன்று எடுத்த படத்தில் முற்றி, குழிவிழுந்த புள்ளிகள் இருக்கின்றன. அவை இருப்பதோ முற்றிய இலையில். அந்த இலையில் கீறலோ புழுச் சுரங்கமோ இல்லை. அப்படியென்றால் அந்த இலை தளிராக இருந்த நாளில், அதாவது சில வாரங்களுக்கு முன்பு, கன்று நர்சரிப் பாத்தியில் நின்றபோதே நோய் நுழைந்திருக்கிறது. “எல்லாப் புள்ளிகளும் முற்றிய இலைகளில்தான்” என்ற ஒரு வரி இவ்வளவையும் சொல்லிவிடுகிறது. வீட்டுத் தண்ணீரையோ கூரியர்காரரையோ இனி யாரும் குறை சொல்ல முடியாது.

இந்த வாதத்துக்கு ஆயுள் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். இதே கடிதத்தை மூன்று வாரம் கழித்து எழுதியிருந்தால், அதற்குள் விட்ட புதுத் தளிரிலும் புள்ளி வந்திருக்கும். அது நர்சரியிலிருந்து வந்ததா, பக்கத்து வீட்டு எலுமிச்சையிலிருந்து மழைச்சாரலோடு வந்ததா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பெட்டியைப் பிரித்த அன்றே படம் எடுப்பது ஏன் முக்கியம் என்றால் இதனால்தான். பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டும் தேதியும் தெரிய ஒரு படம், கன்றை எடுத்தவுடன் ஒரு படம், பிறகு இலைகளைக் கிட்டத்தில் வைத்து.

படத்தில் என்ன தெரிய வேண்டும் என்பதிலும் அந்த அம்மாள் சரியாகச் செய்திருக்கிறார். எலுமிச்சை இலையில் புள்ளி விழப் பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் சொறி என்று நினைத்துப் பயப்படவும் கூடாது. கடும் வெயில் சுட்ட இடம் வெளிறி, தட்டையாக, காகிதம் போலக் காய்ந்திருக்கும். மருந்து கூடிப்போய்க் கருகிய புள்ளியும் தட்டைதான், மஞ்சள் வளையம் இருக்காது. இலைத்துளைப்பான் வேலையென்றால் வெள்ளிக் கம்பி வளைந்து நெளிந்து ஓடியதுபோலக் கோடு தெரியும். பார்சல் புழுக்கத்தில் கெட்டுப்போன இலை மொத்தமாக மஞ்சளாகி உதிரும், அல்லது கறுத்து நசநசவென்று இருக்கும். சொறி மட்டும் இரண்டு பக்கமும் மேடாகத் துருத்தும். கண்ணை மூடிக்கொண்டு இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தால், ஒரே இடத்தில் மேலும் கீழும் உப்புத்தாள் போல உரசும். மஞ்சள் வளையம் சாதாரண வெளிச்சத்தில் சரியாகப் படத்தில் விழாது. வானத்துக்கு நேராகப் பிடித்து எடுத்தால் தெளிவாக விழும்.

இதற்கு நெருங்கிய போலி ஸ்கேப் என்ற பூஞ்சாண நோய். அதிலும் மருபோல மேடு வரும். ஆனால் பெரும்பாலும் இலையின் ஒரு பக்கத்தில் மேடும் மறுபக்கத்தில் குழியுமாக, இலையே கோணிக்கொள்ளும். விஞ்ஞானிகளே இந்த இரண்டையும் முதலில் குழப்பிக்கொண்டவர்கள்தான். அமெரிக்காவில் கேங்கர் தலைகாட்டியபோது அதைப் பூஞ்சாணம் என்றே நினைத்தார்கள். பாக்டீரியாதான் காரணம் என்று கிளாரா ஹாசே என்ற பெண் விஞ்ஞானி 1915இல் காட்டிய பிறகே தெளிவு பிறந்தது. ஆகவே வீட்டுத் தோட்டக்காரர் “சந்தேகப்படுகிறேன்” என்று எழுதியது பணிவுக்காக மட்டும் அல்ல. கண்ணால் பார்த்து இவ்வளவுதான் சொல்லலாம். மேலே சொல்ல ஆய்வகம் வேண்டும். மாவட்டந்தோறும் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ, வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்திலோ, வட்டாரத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலோ இலையைக் காட்டிக் கேட்கலாம்.

இலையைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்ததும் நல்ல பழக்கம். பிளாஸ்டிக் உறையில் ஈரத்தோடு போட்டால் இரண்டே நாளில் வேறு பூஞ்சாணம் படர்ந்து எது நோய், எது அழுகல் என்று தெரியாமல் போகும். தாளில் காய்ந்த இலையில் புள்ளி அப்படியே நிற்கும். எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு ஓர் ஆச்சரியமான சான்று இருக்கிறது. லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் உலர்த்திப் பாதுகாத்த பழைய இலைகளை ஃபாசெட், ஜென்கின்ஸ் என்ற இருவர் 1933இல் புரட்டிப் பார்த்தார்கள். 1827க்கும் 1831க்கும் இடையில் இந்தியாவில் சேகரித்த, எலுமிச்சை இனத்து மரமொன்றின் இலையில் கேங்கர் புள்ளிகள் இருந்தன. நூறாண்டு கழிந்தும் அடையாளம் தெரிந்தது. நோய் நம் பக்கத்துப் பழைய குடித்தனக்காரன் என்பதற்கும் அதுவே ஆதாரங்களில் ஒன்று.

நம் நாட்டில் இவ்வளவு காலமாக இருக்கிற நோயை ஒரு கன்றுக்காக இத்தனை பெரிதுபடுத்த வேண்டுமா என்று கேட்கலாம். நர்சரிக்காரரும் அதைத்தான் கேட்டார். கடிதம் போன ஐந்தாம் நாள் போனில் பேசியவர், “அம்மா, எலுமிச்சைன்னா கொஞ்சம் சொறி இல்லாம இருக்காதுங்க. புளியங்குடிப் பக்கம் போய்ப் பாருங்க, காய்ச்சுக் குலுங்குற மரத்துலயும் இருக்கும்” என்றாராம்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியிலும் சரி, வேறெங்கும் சரி, வளர்ந்த மரத்தில் சில இலைகளில் சொறி இருந்தால் மரம் சாகாது. காய் தோலில் சொறி விழுந்து விலை குறையும், உள்ளே சாறு கெடாது, ஊறுகாய்க்குத் தாராளமாகப் போகும். ஆனால் கன்றின் கணக்கு வேறு. வளர்ந்த மரத்துக்கு ஆயிரக்கணக்கில் இலை இருக்கும், முப்பது இலையுள்ள கன்றில் பதினான்கு போனால் பாதி போயிற்று. நோயுள்ள இலைகள் சீக்கிரம் உதிரும். தண்டில் விழுந்த சொறி சுற்றி வளைத்துக்கொண்டால் அதற்கு மேல் உள்ளதெல்லாம் காய்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மழையில் நனையும்போதெல்லாம் தண்டுப் புண்ணிலிருந்து பாக்டீரியா வழிந்து அடுத்த தளிரில் ஏறும். ஆறு இலையில் நோயுள்ள 2ஆம் எண் கன்றை வைத்துக்கொண்டு, தண்டில் புண்ணுள்ள 1ஆம் எண்ணை அழிக்கத் துணிந்தது இந்த வேறுபாட்டை வைத்துத்தான். இலையைக் கிள்ளி எறியலாம். நடுத்தண்டை எப்படிக் கிள்ளுவது?

மேலும் நோய் மழைக்காற்றில் தெருவுக்குத் தெரு போகிறது. மாவட்டம் தாண்டி, கடல் தாண்டிப் போவது கன்றில்தான். அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரை மாநிலங்களுக்கு இந்த நோய் 1910 வாக்கில் வந்தது ஜப்பானிலிருந்து இறக்கிய நாற்றுகளோடு. அதை ஒழிக்க ஃபுளோரிடாவில் மட்டும் இரண்டரை லட்சம் தோட்ட மரங்களும், சுமார் முப்பது லட்சம் நாற்றங்கால் கன்றுகளும் அழிக்கப்பட்டன. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நோய் எங்கே குடியிருந்தது என்பது விளங்கும். 1933இல் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். 1995இல் மயாமி விமான நிலையத்துக்கு அருகில் மறுபடி கண்டார்கள். இந்த முறை, நோயுள்ள மரத்தைச் சுற்றி 1,900 அடிக்குள் இருந்த எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை எல்லாம், வீட்டுக் கொல்லையில் நின்றதையும் சேர்த்து வெட்டினார்கள். ஜனங்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2004, 2005ஆம் ஆண்டுப் புயல்கள் பாக்டீரியாவை மாநிலம் முழுக்க இறைத்துவிட, 2006இல் அந்த முயற்சியே கைவிடப்பட்டது. நம் ஊரில் யாரும் அப்படி மரத்தை வெட்டப் போவதில்லை. ஆனால் சுத்தமான கன்று என்ற ஒன்றைக் கேட்டு வாங்குவதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டாம்.

கடிதத்தில் நர்சரிக்காரரைப் பேச வைத்த வரி எது என்றால், விதைக் கன்றா ஒட்டா பதியனா என்ற கேள்விதான். சொறிநோய் விதை வழியாகப் பரவாது. எனவே விதைக் கன்றில் நோய் இருந்தால், முளைத்த பிறகு பக்கத்தில் இருந்த ஏதோ நோயுள்ள செடியிலிருந்து தண்ணீர்த் துளியோடு தெறித்து வந்திருக்க வேண்டும். ஒட்டிலோ பதியனிலோ என்றால் கதை மாறும். தாய்மரத்துக் குச்சியிலேயே நோய் ஏறி வந்திருக்கலாம், அப்போது அந்தத் தாய்மரத்திலிருந்து எடுத்த எல்லாக் கன்றையும் பார்க்க வேண்டும். நர்சரிக்காரர் யோசித்துச் சொன்னார்: விதைக் கன்றுதான். பாத்திக்கு மேற்கே பழைய எலுமிச்சை மரங்கள் இரண்டு நிற்கின்றன. ஐப்பசி மழையில் காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தது. கன்றுப் பைகள் நெருக்கமாக அடுக்கியிருந்தன. மழை இல்லாத நாளில் ஹோஸ் பைப்பால் மேலிருந்து தண்ணீர் பீய்ச்சுவது வழக்கம்.

ஒரு பாத்தியில் சொறி பரவ இதைவிட வேறு ஒன்றும் தேவையில்லை. பாக்டீரியா தண்ணீரில் ஊறும், தெறிக்கும். இலை நனைந்தபடி இருக்கும் நேரம் கூடக் கூட நுழைவது எளிது. தரையோடு தண்ணீர் விட்டிருந்தால், பைகளுக்கு நடுவே காற்றோட்டம் விட்டிருந்தால், இரண்டு பழைய மரங்களின் நோயுள்ள கிளைகளை மழைக்கு முன்பே கழித்திருந்தால் பெரும்பகுதி தப்பியிருக்கும். கோபமான இரண்டு வரிப் புகார் இந்தத் தகவலை ஒருநாளும் வெளியே கொண்டுவந்திருக்காது. அவர் அந்தப் பாத்தியை விற்பனையிலிருந்து நிறுத்திவைப்பதாகச் சொன்னதும், மாற்றுக் கன்றை மாசி மாதம் அனுப்ப ஒப்புக்கொண்டதும் அந்தப் பேச்சில்தான்.

மாற்றுக் கன்றை உடனே கேட்காமல் தள்ளிப்போட்டதைச் சிலர் ஏமாளித்தனம் என்பார்கள். எனக்கு அது புத்திசாலித்தனமாகப் படுகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வறண்ட காற்றில் ஒரு தளிர் விட்டு அது முற்றிய பிறகும் புள்ளி வரவில்லை என்றால்தான் அந்தக் கன்று சுத்தம் என்று நம்பலாம். மழைக்கு நடுவே அனுப்பும் கன்று இன்று சுத்தமாகத் தெரிந்தாலும், உள்ளே நோய் பத்து நாள் காத்திருக்கக் கூடும். 3ஆம் எண் கன்றையும் அவர் மற்றச் செடிகளோடு சேர்க்காமல் அடுத்த தளிர் முற்றும்வரை தனி மூலையில் வைத்தது அதனால்தான். நோய்க்கு ஓரளவு தாங்கும் வகை வேண்டும் என்பவர்கள் திருப்பதியில் தேர்ந்தெடுத்த பாலாஜி ரகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். நாட்டு எலுமிச்சையைவிட அதில் சொறி குறைவு.

2ஆம் எண் கன்றுக்குச் செய்தது எளிமையான வேலை. மழையில்லாத ஒரு நாளில், இலை காய்ந்திருக்கும்போது, புள்ளியுள்ள ஆறு இலைகளையும் காம்போடு வெட்டி எடுத்தார். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கத்தரியை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தார். ஈர இலையைத் தொட்ட கையோடு அடுத்த செடிக்குப் போனால் நாமே நோயை எடுத்துப் போகிறோம். வெட்டிய இலைகளும் 1ஆம் எண் கன்றும் உரக்குழிக்குப் போகவில்லை. தோட்டத்து மூலையில் ஓரடி ஆழத்தில் புதைத்தார். இலை மக்கிப்போனால் பாக்டீரியாவும் அதிக காலம் பிழைக்காது. காய்ந்த புண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கும்வரைதான் அதற்கு நீண்ட ஆயுள்.

பிறகு காப்பர் ஆக்ஸிகுளோரைடு, லிட்டருக்கு மூன்று கிராம். தொட்டிச் செடி ஒன்றுக்கு அரை லிட்டரே அதிகம், ஆகவே ஒன்றரை கிராம் போதும். கையுறை போட்டு, முகத்தை மூடி, காற்றில்லாத காலை வேளையில் இலையின் இரு பக்கமும் நனையத் தெளித்து, பதினைந்து நாள் கழித்து மறுபடி ஒருமுறை. இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தாமிர மருந்து இருக்கிற புள்ளியை ஆற்றாது. இலைமேல் படலமாகப் படிந்து, புதிதாக வரும் பாக்டீரியாவை உள்ளே விடாமல் தடுக்கும், அவ்வளவுதான். தளிர் விரிய விரிய அந்தப் படலம் கிழிந்து, மூடப்படாத இடம் பெருகும். அதனால் நாள்காட்டியைப் பார்ப்பதைவிடத் தளிரைப் பார்த்துத் தெளிப்பது நல்லது. தளிர் பாதி விரிந்தபோது ஒன்று, முழுதாக விரிந்து முற்றும் முன் ஒன்று. இலைத்துளைப்பான் சுரங்கம் தென்பட்டால் வேப்பெண்ணெய்க் கரைசலால் அதையும் தடுக்க வேண்டும். அந்தச் சுரங்கம் பாக்டீரியாவுக்குத் திறந்த வாசல்.

ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த பொடியைத் தெளிக்கச் சொல்லி ஆலோசனை தருகிறவர்கள் நிறைய. தோப்பு விவசாயத்தில் அது வெகுகாலமாகப் புழங்கி வந்தது உண்மை. மனிதருக்குக் காசநோய் மருந்தாகப் பயன்பட்ட ஆன்டிபயாடிக் அது. மூன்று தொட்டிச் செடிக்காக அதை மொட்டைமாடியில் தெளித்து, மருந்துக்குப் பணியாத பாக்டீரியாவை வளர்ப்பதை நான் ஏற்க மாட்டேன்.

நர்சரிக்காரர் பதிலே சொல்லாமல் இருந்திருந்தால்? இணையத்தில் விற்கிறவர்களுக்கு 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் பொருந்தும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யலாம், அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நூறு இருநூறு ரூபாய்க் கன்றுக்கு ஆணையம் வரை போகிறவர்கள் குறைவு. ஆனால் தோட்டம் போட ஐம்பது நூறு என்று கன்று வாங்குகிறவர்களுக்கு இந்தப் படிகள் தேவைப்படும். அப்போது கையில் இருக்க வேண்டியவை ஆர்டர் செய்த தேதி, பிரித்த அன்றைய படம், எண் போட்ட கன்றுகள், ஆய்வகம் எழுதிக் கொடுத்த தாள் ஆகியவைதான்.

வேளாண் அறிவியல் நிலையத்தில் இலையைப் பார்த்தவர்கள் சொறி என்றே உறுதி செய்தார்கள். அந்தத் தாளின் படத்தையும் அவர் நர்சரிக்கு அனுப்பி, கூடவே ஒரு வரி சேர்த்திருந்தார்: “தங்கள் பாத்திக்கும் இது பயன்படும். பழைய மரங்கள் இரண்டிலும் காய்ந்த கிளைகளைத் தை மாதம் கழித்து, தளிர் வரும்போது தாமிர மருந்து தெளிக்கச் சொல்கிறார்கள்.”